இரண்டு லூப் சர்க்யூட்டை சந்தி விதி, லூப் விதி கொண்டு தீர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே சர்க்யூட்டை வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். பத்துக் கணக்குகளை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒரு கணக்கை அடிவரை தோண்டிப் பார்ப்பது நல்லது. இந்தப் படத்தை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

```
       R1 = 3         A        R2 = 2
  +----/\/\/----------+--------/\/\/----+
  |                   |                 |
  | +                 >                 | +
 14 V                 <  R3 = 8        6 V
  | -                 >                 | -
  |                   |                 |
  +-------------------+-----------------+
                      B
```

இடது கிளையில் 14 வோல்ட் பேட்டரியும் 3 ஓம் மின்தடையும் இருக்கின்றன. வலது கிளையில் 6 வோல்ட் பேட்டரியும் 2 ஓம் மின்தடையும். நடுக்கிளையில் 8 ஓம் மின்தடை மட்டும். இரண்டு பேட்டரிகளின் பிளஸ் முனையும் மேல்நோக்கி இருக்கிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மூன்று கிளைகளும் மேலே A என்ற சந்தியிலும் கீழே B என்ற சந்தியிலும் சேர்கின்றன. பேட்டரிகளின் அகத்தடை R1, R2-க்குள்ளேயே அடங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று மின்தடைகளைச் சுருக்கினால் போதாதா? தனியாக இரண்டு விதிகள் எதற்கு?

முயன்று பாருங்கள், முதல் அடியிலேயே நின்றுவிடும். இரண்டு மின்தடைகள் தொடரில் இருக்க வேண்டுமென்றால், ஒன்றில் ஓடும் மின்னோட்டம் முழுவதும் அப்படியே மற்றொன்றிலும் ஓட வேண்டும். R1-இல் வருகிற மின்னோட்டம் A-இல் பிரிந்துவிடுவதால் R1-உம் R3-உம் தொடரில் இல்லை. பக்க இணைப்பு என்றால் இரண்டு மின்தடைகளின் இரு முனைகளும் பொதுவாக இருக்க வேண்டும். R1, R2 இரண்டுக்கும் A பொதுவான முனைதான். ஆனால் மறுமுனைகளில் ஒன்று 14 வோல்ட் பேட்டரிக்கும் மற்றொன்று 6 வோல்ட் பேட்டரிக்கும் போகிறது. ஆகவே அதுவும் இல்லை. வெவ்வேறு கிளைகளில் பேட்டரிகள் உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் இதுதான் நிலைமை.

இப்படிப்பட்ட சர்க்யூட்டுகளுக்கான இரண்டு விதிகளையும் குஸ்டாஃப் கிர்க்காஃப் 1845-இல் வகுத்தார். அப்போது அவர் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர்.

சந்தி விதியும் லூப் விதியும் உண்மையில் என்னதான் சொல்கின்றன?

ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகையும் அதிலிருந்து வெளியேறும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகையும் சமம் என்பது சந்தி விதி. மின்னூட்டம் A-இல் தேங்கி நிற்பதில்லை, காணாமலும் போவதில்லை. வந்தது அத்தனையும் போயாக வேண்டும்.

லூப் விதி மின்னழுத்தத்தைப் பற்றியது. ஒரு புள்ளியில் கிளம்பி, சர்க்யூட்டில் ஏதாவது ஒரு மூடிய பாதையில் சுற்றி, அதே புள்ளிக்குத் திரும்பி வந்தால், வழியில் ஏறிய வோல்ட்டும் இறங்கிய வோல்ட்டும் சரிக்குச் சரியாக இருக்கும். மலைப்பாதையில் எங்கெங்கோ ஏறி இறங்கிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் உயரம் மாறாதது போலத்தான் இது. B-யின் மின்னழுத்தம் என்பது ஒரே ஓர் எண். எந்த வழியாகச் சுற்றி வந்து கணக்குப் போட்டாலும் அதே எண்தான் கிடைக்க வேண்டும்.

ஒன்று மின்னோட்டத்தைக் கூட்டுகிறது, மற்றொன்று வோல்ட்டைக் கூட்டுகிறது. இரண்டையும் இணைப்பது ஓம் விதி: மின்தடையில் இறங்கும் வோல்ட் I × R.

மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாதபோது அம்புக்குறியை எப்படிப் போடுவது?

விருப்பப்படி போடுங்கள். அம்புக்குறி "எந்தத் திசையை நான் பிளஸ் என்று எழுதப்போகிறேன்" என்ற அறிவிப்பு மட்டுமே. உண்மையான ஓட்டம் எதிர்ப்பக்கம் இருந்தால் விடை மைனஸில் வரும், அவ்வளவுதான்.

நான் இங்கே இப்படிப் போட்டிருக்கிறேன்: இடது கிளையில் I1 மேல்நோக்கி A-க்குள் வருகிறது. வலது கிளையில் I2-உம் மேல்நோக்கி A-க்குள் வருகிறது. நடுக்கிளையில் I3 கீழ்நோக்கி A-யை விட்டு வெளியேறுகிறது.

போட்ட அம்பைக் கணக்கு முடியும்வரை மாற்றக் கூடாது என்பது மட்டும்தான் கட்டாயம். நடுவழியில் "இல்லை, 6 வோல்ட் பேட்டரியில் எதிர்ப்பக்கம் ஓடும் போலிருக்கிறதே" என்று தோன்றி ஓர் அம்பைத் திருப்பினால், ஏற்கெனவே எழுதிய சமன்பாடு பழைய அம்புக்கும் புதிய சமன்பாடு புதிய அம்புக்கும் சொந்தமாகிவிடும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது.

A, B என்று இரண்டு சந்திகள் இருக்கின்றன. இரண்டுக்கும் சமன்பாடு எழுத வேண்டுமா?

ஒன்று போதும். A-இல் எழுதினால் I1 + I2 = I3. B-இல் எழுதினால் I3 உள்ளே வருகிறது, I1-உம் I2-உம் வெளியேறுகின்றன, அதாவது I3 = I1 + I2. அதே வரி. புதிதாக எதுவும் கிடைக்கவில்லை.

பொதுவாக, n சந்திகள் இருந்தால் n − 1 சந்திச் சமன்பாடுகள்தான் ஒன்றையொன்று சாராதவை. b கிளைகள் இருந்தால் தெரியாத மின்னோட்டங்களும் b. மீதி b − n + 1 சமன்பாடுகளை லூப்களிலிருந்து எடுக்க வேண்டும். நம் சர்க்யூட்டில் கிளைகள் 3, சந்திகள் 2. ஆகவே ஒரு சந்திச் சமன்பாடு, இரண்டு லூப் சமன்பாடுகள்.

லூப்பில் சுற்றும்போது எங்கே பிளஸ், எங்கே மைனஸ் என்று எப்போதும் குழம்புகிறது. எப்படி நினைவில் வைப்பது?

மனப்பாடம் செய்ய முயல்வதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். "மின்னோட்டத்தோடு போனால் மைனஸ், எதிர்த்துப் போனால் பிளஸ், பேட்டரிக்கு இப்படி" என்று நான்கு வாக்கியங்களை உருப்போட்டால் பரீட்சை அவசரத்தில் ஏதாவது ஒன்று தலைகீழாகிவிடும். ஒவ்வோர் உறுப்பைக் கடக்கும்போதும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதைத் தாண்டியதும் நான் இருக்கும் இடத்தின் மின்னழுத்தம் கூடியதா, குறைந்ததா?

பேட்டரிக்குப் பதில் சுலபம். பிளஸ் முனைதான் உயர்ந்த மின்னழுத்தம். மைனஸில் நுழைந்து பிளஸில் வெளியே வந்தால் ஏறியிருக்கிறீர்கள், +E எழுதுங்கள். பிளஸில் நுழைந்து மைனஸில் வந்தால் இறங்கியிருக்கிறீர்கள், −E எழுதுங்கள். பேட்டரியில் மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பேட்டரியின் குறியை மின்னோட்ட அம்பைப் பார்த்து முடிவு செய்வது நிறையப் பேரிடம் இருக்கும் பழக்கம்.

மின்தடைக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மின்தடைக்குள் மின்னோட்டம் எப்போதும் உயர்ந்த மின்னழுத்தத்திலிருந்து தாழ்ந்த மின்னழுத்தத்துக்குத்தான் ஓடும். ஆகவே அம்பின் வால்பக்கம் உயரம், தலைப்பக்கம் தாழ்வு. படத்திலேயே ஒவ்வொரு மின்தடைக்கும் அம்பு நுழையும் முனையில் ஒரு சிறிய பிளஸும் வெளியேறும் முனையில் ஒரு சிறிய மைனஸும் போட்டுவிடுங்கள். அதன்பிறகு மின்தடையும் பேட்டரியும் ஒரே மாதிரிதான்: மைனஸிலிருந்து பிளஸுக்குப் போனால் ஏற்றம், பிளஸிலிருந்து மைனஸுக்குப் போனால் இறக்கம்.

இப்போது இடது லூப். B-இல் கிளம்பி இடது கிளை வழியாக மேலே ஏறுவோம். பேட்டரியின் மைனஸில் நுழைந்து பிளஸில் வெளியே வருகிறோம்: +14. R1-இல் I1-இன் அம்போடு போகிறோம்: −3 I1. A-க்கு வந்துவிட்டோம். அங்கிருந்து நடுக்கிளையில் I3-இன் அம்போடு இறங்குகிறோம்: −8 I3. மறுபடி B.

அடுத்தது வலது லூப். இதையும் B-இல் தொடங்கி, இந்த முறை வலது கிளை வழியாக ஏறுகிறேன்: +6, பிறகு R2-இல் அம்போடு −2 I2, A-இலிருந்து நடுக்கிளையில் அம்போடு இறங்கி −8 I3.

```
A சந்தி   :  I1 + I2 = I3
இடது லூப் :  14 - 3*I1 - 8*I3 = 0
வலது லூப் :   6 - 2*I2 - 8*I3 = 0
```

முதல் லூப்பைக் கடிகாரச் சுற்றாகவும் இரண்டாவதை எதிர்ச்சுற்றாகவும் சுற்றியிருக்கிறேன். ஒவ்வொரு லூப்புக்கும் தனித்தனித் திசை எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. வலது லூப்பைக் கடிகாரச் சுற்றாகச் சுற்றினால் A-இலிருந்து வலது கிளையில் இறங்கும்போது I2-ஐ எதிர்த்துப் போகிறோம், ஆகவே +2 I2. பேட்டரியின் பிளஸில் நுழைகிறோம், −6. நடுக்கிளையில் I3-ஐ எதிர்த்து ஏறுகிறோம், +8 I3. மேலே உள்ள மூன்றாவது வரியை −1 ஆல் பெருக்கினால் கிடைப்பதும் இதுவே.

மூன்று சமன்பாடுகளையும் வேகமாகத் தீர்க்க என்ன வழி?

சந்திச் சமன்பாட்டை வைத்து I3-ஐ முதலிலேயே ஒழித்துவிடுங்கள். இரண்டு லூப் சமன்பாடுகளிலும் I3 இருக்கும் இடத்தில் I1 + I2 என்று போட்டால்:

```
11*I1 +  8*I2 = 14
 8*I1 + 10*I2 =  6
```

இதைக் கிராமர் முறையில் போடலாம். அணிக்கோவை 11 × 10 − 8 × 8 = 46. I1-க்கான தொகுதி 14 × 10 − 8 × 6 = 92, ஆகவே I1 = 2 ஆம்பியர். I2-க்கான தொகுதி 11 × 6 − 8 × 14 = −46, ஆகவே I2 = −1 ஆம்பியர். I3 = 2 + (−1) = 1 ஆம்பியர்.

பிரதியிடும்போது 8 × (I1 + I2) என்பதில் அடைப்புக்குறியை மறந்து 8 I1 + I2 என்று எழுதிவிடுவது உண்டு. அந்த ஒரு வரியை மட்டும் நிதானமாக எழுதுங்கள்.

I2 மைனஸில் வந்துவிட்டது. எங்கேயோ தப்பு செய்துவிட்டேனா?

இல்லை. வலது கிளையில் உண்மையான மின்னோட்டம் நாம் போட்ட அம்புக்கு எதிராக, A-இலிருந்து கீழ்நோக்கி, 1 ஆம்பியர் அளவில் ஓடுகிறது என்பதுதான் பொருள். அம்பைத் திருப்பிப் போட்டு மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட வேண்டாம். அடுத்த கணக்கீடுகளில் I2 வருகிற இடத்திலெல்லாம் −1 என்று மைனஸோடு போடுங்கள். மைனஸை "வெறும் திசைதானே" என்று கழற்றிவிட்டு +1 போட்டால் I3 = 3 என்று வந்து எல்லாமே கெட்டுவிடும்.

ஆனால் இந்த மைனஸுக்குப் பின்னால் சர்க்யூட்டில் நிஜமாகவே ஒன்று நடக்கிறது. 6 வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனைக்குள் மின்னோட்டம் போகிறது. அதாவது அது சர்க்யூட்டுக்குச் சக்தி கொடுக்கவில்லை, 14 வோல்ட் பேட்டரியிடமிருந்து சக்தி வாங்கிச் சார்ஜ் ஆகிறது. A-க்கும் B-க்கும் இடையே 8 × 1 = 8 வோல்ட் இருக்கிறது. 6 வோல்ட் பேட்டரியைவிட வெளியே இருக்கும் மின்னழுத்தம் 2 வோல்ட் அதிகம். அந்த 2 வோல்ட் R2-இல் விழுந்து 1 ஆம்பியரை உள்ளே தள்ளுகிறது.

அப்படியானால் சிறிய பேட்டரி எப்போதும் சார்ஜ்தான் ஆகுமா? ஆகாது. அது நடுக்கிளை எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. R3-ஐக் குறைத்துக்கொண்டே வந்தால் A-யின் மின்னழுத்தமும் குறைந்துகொண்டே வரும். அது சரியாக 6 வோல்ட்டுக்கு வரும் கணத்தில் I2 பூஜ்யம். அந்த நேரத்தில் I1 = (14 − 6) / 3 = 2.67 ஆம்பியர், அது முழுவதும் R3 வழியாகவே போகிறது, ஆகவே R3 = 6 / 2.67 = 2.25 ஓம். R3 இதைவிடக் குறைந்தால் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து மின்னோட்டம் கொடுக்கும். R3 = 1 ஓம் என்று போட்டுப் பாருங்கள்: I1 = 3.27, I2 = 0.91, I3 = 4.18 ஆம்பியர். I2 இப்போது பிளஸ்.

அதே இரண்டு பேட்டரிகள்தான், அதே இணைப்புதான். ஆனாலும் வலது கிளையின் திசை நடுவில் இருக்கும் ஒரு மின்தடையின் மதிப்பால் மாறுகிறது. படத்தைப் பார்த்தே திசையைச் சொல்லிவிட முடியாது என்பதற்கும், அம்பை விருப்பப்படி போடச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

விடை சரியா என்று பரீட்சை ஹாலிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

A-க்கும் B-க்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை மூன்று கிளைகள் வழியாகவும் தனித்தனியே கணக்கிடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

```
இடது :  14 - 3*(2)  = 8
வலது :   6 - 2*(-1) = 8
நடு  :       8*(1)  = 8
```

மூன்றும் ஒன்றாக வந்து, I1 + I2 = I3 என்பதும் நிறைவேறினால் விடை சரி. ஒன்று மட்டும் ஒத்துவராவிட்டால் அந்தக் கிளையைக் கடக்கும்போதுதான் குறி பிசகியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை: இந்தச் சோதனையைப் படத்தைப் பார்த்துப் புதிதாக எழுத வேண்டும். நீங்கள் எழுதிய சமன்பாடுகளிலேயே விடையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. சமன்பாடே தப்பு என்றால் தப்பான விடை அதில் அழகாகப் பொருந்தும்.

இரண்டு வகையான பிழைகளைக் காட்டுகிறேன். முதல் வகை, வலது லூப்பில் −8 I3-க்குப் பதிலாக +8 I3 எழுதிவிடுவது. அப்போது I1 = 66, I2 = −89, I3 = −23 ஆம்பியர் என்று வரும். இது தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சர்க்யூட்டில் A-யின் மின்னழுத்தம் B-யோடு ஒப்பிட்டால் 0-க்குக் கீழேயும் போகாது, 14-க்கு மேலேயும் போகாது. ஆகவே R1-இல் விழக்கூடிய அதிகபட்ச வோல்ட் 14, I1 அதிகபட்சம் 14 / 3, அதாவது 4.67 ஆம்பியர். 66 என்ற எண்ணைப் பார்த்த உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டு லூப் சமன்பாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டாவது வகைதான் ஆபத்தானது. வலது பேட்டரியின் குறியை மாற்றி −6 என்று எழுதிவிட்டால் I1 = 4.09, I2 = −3.87, I3 = 0.22 என்று வரும். எண்கள் பார்க்க நியாயமாகவே இருக்கின்றன, I1-உம் 4.67-க்குள் அடங்கிவிட்டது. திறன் கணக்குப் போட்டுப் பார்த்தால்கூட, பேட்டரியின் குறியை அங்கேயும் அதே மாதிரி மாற்றியே எழுதினால், கொடுத்ததும் செலவானதும் இரண்டும் சுமார் 80.4 வாட் என்று சரியாகப் பொருந்தும். காரணம், நீங்கள் தீர்த்தது 6 வோல்ட் பேட்டரியைத் தலைகீழாகப் போட்ட வேறொரு சர்க்யூட். அந்தச் சர்க்யூட்டுக்கு அது சரியான விடைதான். மேலே சொன்ன மூன்று கிளைச் சோதனையைப் படத்தைப் பார்த்துச் செய்தால் இடது கிளை 1.74, நடுக்கிளை 1.74, வலது கிளை 13.74 என்று வந்து உடனே பிடிபட்டுவிடும்.

சரியான விடைக்கான திறன் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 14 வோல்ட் பேட்டரி கொடுப்பது 14 × 2 = 28 வாட். R1-இல் வெப்பமாவது 12, R2-இல் 2, R3-இல் 8. மொத்தம் 22 வாட். மீதி 6 வாட் எங்கே போகிறது? 6 வோல்ட் பேட்டரிக்குள், 6 × 1 = 6 வாட்.

இரண்டு உள் லூப்களோடு வெளி லூப்பையும் எழுதினேன். மூன்று சமன்பாடு இருந்தும் தீர்க்க முடியவில்லை, 0 = 0 என்று வருகிறது. ஏன்?

வெளி லூப்பின் சமன்பாடு 14 − 3 I1 + 2 I2 − 6 = 0. இடது லூப் சமன்பாட்டிலிருந்து வலது லூப் சமன்பாட்டைக் கழித்துப் பாருங்கள், −8 I3 இரண்டும் அடிபட்டு இதுவே கிடைக்கும். ஏற்கெனவே கையில் இருந்த தகவல்தான் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. விட்டுப்போனது சந்திச் சமன்பாடு. அதைச் சேர்த்தால் மூன்று லூப்களில் எந்த இரண்டை எடுத்தாலும் விடை வந்துவிடும். பயன்படுத்தாத மூன்றாவது லூப்பைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.

மெஷ் முறை என்று வகுப்பில் சொல்கிறார்கள். அது வேறு விதியா?

அதே இரண்டு விதிகள்தான், எழுதும் விதம் வேறு. கிளை மின்னோட்டங்களுக்குப் பதிலாக, ஒவ்வொரு லூப்பையும் முழுவதுமாகச் சுற்றி வரும் ஒரு மின்னோட்டம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். இடது லூப்பில் Ia, வலது லூப்பில் Ib, இரண்டும் கடிகாரச் சுற்று. R3-இல் Ia கீழ்நோக்கியும் Ib மேல்நோக்கியும் போவதால் அங்கே உண்மையான மின்னோட்டம் Ia − Ib. சந்தி விதியைத் தனியாக எழுத வேண்டியதில்லை. சுற்றிச் சுற்றி வரும் மின்னோட்டம் ஒரு சந்திக்குள் நுழைந்தால் அதே சந்தியிலிருந்து வெளியேறியும் விடுகிறது, ஆகவே அந்த விதி தானாகவே நிறைவேறிவிடுகிறது.

```
11*Ia -  8*Ib = 14
-8*Ia + 10*Ib = -6
```

தீர்த்தால் Ia = 2, Ib = 1. இங்கே Ib பிளஸில் வந்திருக்கிறதே, முன்பு I2 மைனஸில் வந்ததே என்று பதற வேண்டாம். கடிகாரச் சுற்றில் Ib வலது கிளையில் கீழ்நோக்கிப் போகிறது, நாம் போட்ட I2 மேல்நோக்கி. ஆகவே I2 = −Ib. இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

இரண்டு லூப் கணக்கில் இரண்டு முறைக்கும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். லூப்கள் மூன்று, நான்கு என்று கூடும்போது மெஷ் முறை நிறைய வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் ஆரம்பத்தில் கிளை மின்னோட்டங்களை வைத்துப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து. அம்மீட்டரை ஒரு கிளையில் வைத்தால் அது காட்டுவது கிளை மின்னோட்டத்தை.

இந்த விதிகள் எங்கேயும் எப்போதும் செல்லுமா?

முதல் வருட சர்க்யூட்டுகளில் தாராளமாகச் செல்லும். லூப்பின் ஊடாக மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் ஒன்று பாய்ந்தால், சுற்றி வரும்போது வோல்ட்டுகளின் கூட்டுத்தொகை பூஜ்யமாக இருக்காது. ஃபாரடே விதிப்படி அந்தப் பாயம் மாறும் வேகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மிக உயர்ந்த அதிர்வெண்ணில், சர்க்யூட்டின் அளவு அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கதாக ஆகும்போது, ஒரே கம்பியின் இரு முனைகளில்கூட ஒரே நேரத்தில் வெவ்வேறு மின்னோட்டம் இருக்கலாம். அங்கே சந்தி விதியையும் இப்படி எளிமையாக எழுத முடியாது. நிலையான பேட்டரி, மின்தடை என்று இருக்கும் நம் சர்க்யூட்டில் இரண்டுக்கும் இடமில்லை.

இதே சர்க்யூட்டை லேபில் பிரெட்போர்டில் போட்டேன். A-இல் 8 வோல்ட் வர வேண்டும், ஆனால் 10-க்கு மேல் காட்டுகிறது. விதி பொய்யா?

முதலில், ஓம்களை அப்படியே போட்டிருந்தால் R1-இல் 12 வாட் வெப்பம் வரும். சாதாரண கால் வாட் மின்தடை கருகிவிடும். ஆகவே 3, 2, 8 கிலோ ஓம் என்று போடுங்கள். எல்லா மின்தடைகளும் ஆயிரம் மடங்கு கூடினால் மின்னோட்டங்கள் ஆயிரத்தில் ஒரு பங்காகும்: 2 மில்லியாம்பியர், −1 மில்லியாம்பியர், 1 மில்லியாம்பியர். வோல்ட்டுகள் மாறாது, A-இல் அதே 8. இவற்றில் 2, 3, 8 கிலோ ஓம் கையில் கிடைக்காவிட்டால் 1 கிலோ ஓம்களைத் தொடரில் கோத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த 10 வோல்ட் விஷயம். பேட்டரிக்குப் பதிலாக லேபில் பவர் சப்ளை வைத்திருப்பீர்கள். மின்னோட்டத்தை வெளியே கொடுக்க மட்டுமே தெரிந்த சப்ளைகள் நிறைய இருக்கின்றன. வெளியிலிருந்து தள்ளினால் அவை உள்ளே வாங்காது. நம் கணக்குப்படி 6 வோல்ட் சப்ளைக்குள் 1 மில்லியாம்பியர் போக வேண்டும். அது வாங்க மறுத்தால் வலது கிளையில் மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யமாகி, அந்தக் கிளை இல்லாதது போலவே ஆகிவிடும். மிஞ்சுவது 14 வோல்ட்டும், தொடரில் 3-உம் 8-உம் கிலோ ஓம்களும். A-இல் 14 × 8 / 11 = 10.18 வோல்ட். நீங்கள் பார்த்தது அனேகமாக இதுதான்.

உறுதி செய்துகொள்ள, மல்டிமீட்டரை 6 வோல்ட் சப்ளையின் முனைகளிலேயே வைத்துப் பாருங்கள். 6-க்குப் பதிலாக அங்கேயும் 10 பக்கம் ஏறியிருந்தால் காரணம் இதுவே. சர்க்யூட்டில் "6 வோல்ட்" என்று நாம் எழுதிய இடத்தில் இப்போது 6 வோல்ட் இல்லை. இருக்கிற வோல்ட்டைப் போட்டுக் கணக்கிட்டால் லூப் விதி அப்படியே பொருந்தும்.

சரிசெய்ய, 6 வோல்ட் சப்ளையின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 1 கிலோ ஓம் மின்தடையைப் போடுங்கள். அது 6 மில்லியாம்பியர் இழுக்கும். அதில் 1 மில்லியாம்பியர் நம் சர்க்யூட்டிலிருந்து வரும், மீதி 5 மில்லியாம்பியரைச் சப்ளை கொடுக்கும். சப்ளை இப்போது கொடுக்கும் நிலையிலேயே இருப்பதால் 6 வோல்ட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். A-இல் மறுபடி அளந்து பாருங்கள், மின்தடைகளின் 5 சதவீதப் பிழை வரம்புக்குள் 8 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். அம்மீட்டரின் பிளஸ் முனையை 6 வோல்ட் சப்ளையின் பக்கம் வைத்து R2-ஓடு தொடரில் சேர்த்தால் அது 1 மில்லியாம்பியரை மைனஸ் குறியோடு காட்டும்.